போன் சொன்ன 28, 44: அந்த இரண்டு எண்களுக்குள் என்ன இருக்கிறது?

*“மேடம், எனக்கு 61 வயது, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். அமெரிக்காவில் இருக்கும் மகன் லீவில் வந்தபோது ஏர்பாட்ஸ் ப்ரோ வாங்கி வந்து, ஐபோனிலேயே காது டெஸ்ட் எடுத்தான். இடது காது 28, வலது காது 44 என்று வந்தது. ஸ்கிரீன்ஷாட் இணைத்துள்ளேன். அதை வைத்தே ஹியரிங் எய்டு மோடும் போட்டுக் கொடுத்தான். டிவி, போன் எல்லாம் இப்போது தெளிவாகக் கேட்கிறது. வலது காதில் மட்டும் சில மாதமாகக் கொய்ங் என்று ஒரு சத்தம். இனிமேல் டாக்டர், மிஷின் எதுவும் வேண்டாம் என்கிறான் மகன். இது போதுமா?”*
*– ஓய்வு பெற்ற ஆசிரியர், கும்பகோணம்*

ஐயா, வணக்கம்.

இயர்பட்ஸைத் தொடர்ந்து போட்டுக்கொள்ளுங்கள், அதில் தவறில்லை. ஆனால் வலது காதை இந்த இரண்டு வாரத்துக்குள் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஏன் என்பதை உங்கள் ஸ்கிரீன்ஷாட்டை வைத்தே சொல்கிறேன்.

முதலில், உங்கள் மகன் எடுத்த டெஸ்டை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நாங்கள் ஒலி புகாத அறையில் உட்காரவைத்து எடுக்கும் பரிசோதனையின் முதல் பகுதியைத்தான் அது செய்கிறது. ஒவ்வொரு காதிலும் வெவ்வேறு சுருதியில் பீப் ஒலியைக் கொடுத்து, கேட்டால் திரையைத் தொடச் சொல்லி, கேட்கிற மிகக் குறைந்த அளவைத் தேடிப் பிடிக்கிறது. இயர்பட்ஸ் காதில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, அறை அமைதியாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்கிறது. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 செப்டம்பரில் இந்த ஹியரிங் எய்டு மென்பொருளை அனுமதித்தபோது, 118 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றைக் காட்டியது. தாங்களே போனில் அமைத்துக்கொண்டவர்களும், அதே கருவியை நிபுணர் அமைத்துக் கொடுத்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு பலனை உணர்ந்தார்கள். ஆனால் அந்த அனுமதி யாருக்கு என்பதும் அதிலேயே இருக்கிறது. 18 வயது நிரம்பியவர்களுக்கு, லேசான அல்லது நடுத்தரக் குறைபாடு இருப்பதாகத் தாங்களே உணர்கிறவர்களுக்கு.

சரி, இப்போது உங்கள் எண்களுக்கு வருவோம். போன் ஒவ்வொரு காதுக்கும் ஒரே ஒரு எண்ணைப் பெரிதாகக் காட்டுகிறது. அது ஒரு சராசரி. 25 டெசிபெல் வரை பெரிய குறை இல்லை, 26 முதல் 40 வரை லேசானது, 41 முதல் 60 வரை நடுத்தரம் என்பது அதன் கணக்கு. மதிப்பெண் பட்டியல் போட்ட உங்களுக்குச் சராசரி எதையெல்லாம் மறைக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. நீங்கள் அனுப்பிய வரைபடத்தில் நான்கு முக்கியமான சுருதிகளைப் பாருங்கள். இடது காதில் 500 ஹெர்ட்ஸில் 15, 1000-இல் 20, 2000-இல் 30, 4000-இல் 45. கூட்டினால் 110, நாலால் வகுத்தால் 27.5. வலது காதில் அதே வரிசையில் 20, 30, 55, 70. கூட்டினால் 175, வகுத்தால் 44-க்கு ஒரு கால் குறைவு.

28, 44 என்று பார்க்கும்போது வலது காது கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான் என்று தோன்றும். பிரித்துப் பார்த்தால் கதை வேறு. தாழ்ந்த சுருதியில் இரண்டு காதும் கிட்டத்தட்ட ஒன்று, வெறும் 5 டெசிபெல்தான் வித்தியாசம். மேலே போகப் போக வலது காது தனியாகச் சரிகிறது. 2000-இலும் 4000-இலும் இரண்டுக்கும் 25 டெசிபெல் இடைவெளி இருக்கிறது. வயதானதால் வரும் செவித்திறன் குறைவு இரண்டு காதையும் ஜோடியாகத்தான் இழுத்துக்கொண்டு போகும். அடுத்தடுத்த இரண்டு சுருதிகளில் 15 டெசிபெல்லுக்கு மேல் ஒரு காது பின்தங்கினாலே, அது ஏன் என்று பார்க்காமல் நாங்கள் விடுவதில்லை. அதோடு கொய்ங் சத்தமும் அதே காதில்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்காவில் கடையிலேயே வாங்கிக்கொள்ளும் ஹியரிங் எய்டுகளின் அட்டையில், முதலில் மருத்துவரிடம் போக வேண்டியவர்கள் யார் என்று ஒரு எச்சரிக்கை இருக்கும். குறைவோ இரைச்சலோ ஒரு காதில் மட்டும் இருப்பது, அல்லது ஒரு காதில் தெளிவாக வேறுபட்டு இருப்பது அதில் ஒன்று. உங்களுக்கு இரண்டும் இருக்கிறது.

பயப்படச் சொல்லவில்லை. இப்படி ஒரு காது பின்தங்குவதற்குச் சாதாரணக் காரணங்களே அதிகம். எப்போதோ வந்த அம்மையோ காய்ச்சலோ ஒரு காதின் நரம்பைத் தொட்டுவிட்டுப் போயிருக்கலாம். பக்கத்தில் வெடித்த ஒரு வெடியாகவும் இருக்கலாம். பலருக்குக் காரணமே பிடிபடுவதில்லை. மிகச் சிலருக்கு மட்டும், காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பின் மேல் உறையில் ஒரு சிறு கட்டி இருக்கும். அது புற்றுநோய் இல்லை, மெதுவாக வளர்வது. பலருக்கு அறுவை சிகிச்சைகூட வேண்டாம், வருடா வருடம் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டாலே போதும். ஆனால் அது இருக்கிறதா இல்லையா என்று தெரிய எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். பீப் ஒலியை எத்தனை முறை கேட்டாலும் தெரியாது.

போனின் டெஸ்ட் காற்று வழியாக மட்டும் ஒலியை அனுப்புகிறது. காதின் துவாரம், செவிப்பறை, அதற்குப் பின்னால் இருக்கும் மூன்று சின்ன எலும்புகள், உள்காது, நரம்பு என்று முழுப் பாதையையும் கடந்து வருவதை மொத்தமாக அளக்கிறது. பாதையில் எங்கே அடைப்பு என்று அதற்குத் தெரியாது. துவாரத்தில் குரும்பி அடைத்திருந்தாலும் 40, நரம்பு தளர்ந்திருந்தாலும் 40. இரண்டுக்கும் ஒரே மாதிரி சத்தத்தைக் கூட்டித்தரும்.

இதை நான் நேரில் பார்த்த ஒரு விஷயத்தோடு சொல்கிறேன். தையல் கடை வைத்திருக்கும் 41 வயதுப் பெண் ஒருவர் வந்தார். உங்களைப் போலவே இயர்பட்ஸில் டெஸ்ட் எடுத்து, இரண்டு காதும் 35-ஐ ஒட்டி வந்து, ஏழு மாதமாக அந்த மோடிலேயே கடையை நடத்திக்கொண்டிருந்தார். நன்றாகவே கேட்டது. அவர் குறை என்னவென்றால், இயர்பட்ஸ் போட்டுக்கொண்டு பேசும்போது தன் குரலே பானைக்குள் பேசுவதுபோல முழங்குகிறது என்பதுதான். அதைச் சரிசெய்துதரச் சொல்லி வந்தவர்.

512 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி அவர் காதுக்கு வெளியே பிடித்தேன். “ம், கேட்குது, லேசா.” அதே கவையின் அடியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் மேட்டு எலும்பில் வைத்து அழுத்தினேன். முகம் சட்டென்று நிமிர்ந்தது. “ஐயோ, இது நல்லா கேட்குதே மேடம்!” காது நன்றாக இருந்தால் இது தலைகீழாக இருக்க வேண்டும்; காற்றில் வருவதுதான் உரக்கக் கேட்க வேண்டும். அப்புறம் எலும்பு வழிப் பரிசோதனை எடுத்தேன். சின்ன அதிர்வுக் கட்டை ஒன்றை ஒரு வளையத்தில் மாட்டிக் காதுக்குப் பின்னால் வைப்போம். அது துவாரத்தையும் செவிப்பறையையும் தாண்டி, மண்டையோடு வழியாக நேரே உள்காதைத் தட்டும். காற்று வழியில் 35 கேட்டவருக்கு எலும்பு வழியில் 10 வந்தது. உள்காதும் நரம்பும் கிட்டத்தட்டப் பழுதில்லை, இடையில் 25 டெசிபெல் எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். செவிப்பறையில் ஓட்டையோ குரும்பியோ இல்லை. மூன்று எலும்புகளில் கடைசியான அங்கவடி எலும்பு இறுகிப்போகும் நோய் அது. நடுவயதுக்கு முன்பே, பெண்களுக்குச் சற்று அதிகமாக வரும். இதற்கு அறுவை சிகிச்சை உண்டு. செய்வதா, கருவியோடு இருந்துவிடுவதா என்பது அவர் மருத்துவரோடு பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம். ஆனால் அப்படி ஒரு வழி இருப்பதே ஏழு மாதம் அவருக்குத் தெரியவில்லை. காரணம், இயர்பட்ஸ் அவருக்கு நன்றாக வேலை செய்ததுதான்.

உங்களுக்கும் இந்த நோய்தான் என்று நான் சொல்லவில்லை. உங்கள் வரைபடத்தின் சரிவு அந்த மாதிரி இல்லை. நன்றாகக் கேட்கிறது என்பதை வைத்து, ஏன் கேட்காமல் போனது என்ற கேள்வியை மூடிவிடக் கூடாது என்பதற்காகத்தான் சொன்னேன்.

இன்னொன்றும் போனால் அளக்க முடியாது. பீப் கேட்பது வேறு, சொல் புரிவது வேறு. தமிழில் உயிரெழுத்துகளின் பலமெல்லாம் தாழ்ந்த சுருதியில் இருக்கிறது. ச, ஷ போன்றவையும், சொல்லின் தொடக்கத்தில் வரும் க, த, ப ஆகியவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக்காட்டும் அந்தச் சின்ன வெடிப்பும் பெரும்பாலும் மேல் சுருதியில். உங்கள் வலது காதுக்கு மட்டும் தட்டு, கட்டு, பட்டு என்று மெதுவாகச் சொன்னால் மூன்றும் ஒரே ‘அட்டு’வாகக் கேட்க வாய்ப்பு அதிகம். ‘சத்தம் கேட்குது, என்ன சொல்றாங்கன்னு புரியலை’ என்று காலம் காலமாக எங்களிடம் வருகிறவர்கள் சொல்வது இதைத்தான்.

மேல் சுருதியில் ஒலியைக் கூட்டிக் கொடுத்தால் இது சரியாகிவிடுமா என்பதுதான் கேள்வி. உள்காதில் மட்டும் குறை என்றால் ஓரளவு சரியாகும். நரம்பு வரை பிரச்சினை இருந்தால் எவ்வளவு கூட்டினாலும் சொல் தெளியாது. சில சமயம் கூட்டக் கூட்டக் குழப்பம் அதிகமாகும். இதைக் கண்டுபிடிக்க நாங்கள் ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாக, வசதியான சத்தத்தில் 25 தமிழ்ச் சொற்களைக் கொடுத்துத் திருப்பிச் சொல்லச் சொல்வோம். இடது காது 23 சொல்லி, வலது காது 20 சொன்னால் வலது காதுக்குக் கருவி நன்றாக உதவும். வலது காது 9 மட்டும் சொன்னால், பீப் காட்டிய குறையைவிட சொல்லில் குறை பெரிதாக இருக்கிறது, உடனே எம்.ஆர்.ஐ. எழுதச் சொல்லி மருத்துவருக்குக் குறிப்பு போய்விடும்.

வீட்டில் ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். இயர்பட்ஸைக் கழற்றிவிட்டு, வேறு அறையிலிருந்து உங்கள் வீட்டம்மாவை போனில் கூப்பிடச் சொல்லி, பேப்பரில் ஏதாவது ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள். இடது காதில் வைத்துக் கேளுங்கள், பிறகு வலது காதில். வலது காதில் சத்தத்தைக் கூட்டியும் சொற்கள் கலங்கலாகவே இருந்தால் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். தெளிவாக இருந்துவிட்டால் நல்லது, ஆனால் அதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

இயர்பட்ஸ் மோடு எங்கே உங்களுக்கு உதவும் என்றும் சொல்ல வேண்டும். இடது காதைப் பொறுத்தவரை அது உங்களுக்குப் பொருத்தமான கருவிதான். வெறுமனே வெளிச்சத்தத்தை உள்ளே விடும் சாதாரண இயர்பட்ஸ் மாதிரி எல்லாவற்றையும் ஒரே அளவில் கூட்டாமல், உங்கள் வரைபடத்தைப் பார்த்து 4000-இல் அதிகமாகவும் 500-இல் கொஞ்சமாகவும் கூட்டுகிறது. போனும் டிவியும் தெளிவானதற்கு அதுதான் காரணம். எதிரில் இருப்பவர் ஒருவரோடு பேசும்போது Conversation Boost என்பதை ஆன் செய்யுங்கள். முன்னால் இருந்து வரும் குரலுக்கு முன்னுரிமை கொடுக்கும். கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்காரும்போது முதுகை இரைச்சலுக்குக் காட்டி, பேச வேண்டியவரை நேர் எதிரில் வைத்துக்கொண்டால் இன்னும் பலன் தெரியும்.

வலது காதின் 4000-இல் 70 என்பதுதான் அதற்குச் சிரமம். பொதுவாக இழந்ததில் பாதியளவு கூட்டினால் பேச்சு காதுக்கு வசதியாக இருக்கும் என்பது எங்கள் துறையின் பழைய கைக்கணக்கு. 70-க்கு 35 டெசிபெல் கூட்ட வேண்டும், அதுவும் மேல் சுருதியில். ரப்பர் முனை கொஞ்சம் நழுவினால்கூட, வெளியே கசியும் ஒலி மைக்குக்குள் திரும்பிப் போய் ‘கீய்ங்’ என்று கத்தும். கருவி அதைத் தடுக்க ஒலியைக் குறைத்துக்கொள்ளும். உங்கள் காதுக்குள் உண்மையில் எவ்வளவு போய்ச் சேர்கிறது என்று போனுக்குத் தெரியாது. நாங்கள் ஹியரிங் எய்டு பொருத்தும்போது, நூல் மாதிரி மெல்லிய ஒரு குழாயைச் செவிப்பறை அருகே வரை விட்டு, அங்கே போய்ச் சேரும் ஒலியை அளந்து சரிசெய்வோம். 28-க்கு அது இல்லாமல் சமாளிக்கலாம். 70-ஐத் தொடும் காதுக்கு அதுதான் வித்தியாசத்தைக் கொடுக்கும்.

நேரம் இன்னொரு விஷயம். உங்கள் இயர்பட்ஸ் இரண்டாம் தலைமுறை என்றால் ஒரு சார்ஜில் சுமார் ஆறு மணி நேரம் வரும். ஹியரிங் எய்டு காலையில் பல் துலக்கியதும் போட்டு இரவு படுக்கும்போது கழற்றுகிற பொருள். நாள் முழுவதும் துவாரத்தை அடைத்து வைத்தால் தன் குரல் முழங்கும், வியர்வையில் அரிக்கும். அதோடு, காதில் இயர்பட்ஸ் இருந்தால் பாட்டு கேட்கிறார் என்று நினைத்து எதிரில் இருப்பவர் பேசாமலே போய்விடுகிறார். என்னிடம் வருகிற பெரியவர்கள் பலர் இதை வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார்கள்.

மருத்துவரைப் பார்ப்பதற்கு முன் போனிலேயே இன்னொரு முறை டெஸ்ட் எடுங்கள். சளி, காதுவலி இருக்கும்போது வேண்டாம். முந்தின 24 மணி நேரத்தில் மேளச் சத்தத்திலோ வெடிச் சத்தத்திலோ இருந்திருந்தாலும் வேண்டாம். இரவில், மின்விசிறியை நிறுத்திவிட்டு எடுங்கள். விசிறியின் இரைச்சல் தாழ்ந்த சுருதி பீப்களை விழுங்கிவிடும். வலது காதின் கொய்ங் சத்தம் பீப் மாதிரியே இருந்தால், சந்தேகமாக இருக்கும்போது திரையைத் தொடாதீர்கள். இரண்டு முறைக்கும் இடையில் 5 டெசிபெல் ஏறி இறங்குவது சகஜம். அதற்கு மேல் நிறைய ஆடினால் இரண்டையுமே நம்ப முடியாது.

ஒன்றை மட்டும் அழுத்தமாகச் சொல்லிவிடுகிறேன். என்றைக்காவது காலையில் எழுந்ததும் ஒரு காது பஞ்சு அடைத்ததுபோல் இருந்தால், கேட்கும் திறன் சட்டென்று இறங்கிவிட்டதாகத் தோன்றினால், போனில் மறுபடி டெஸ்ட் எடுத்து சத்தத்தைக் கூட்டிக்கொள்ளாதீர்கள். புது அளவுக்கு ஏற்பக் கூடுதலாகக் கொடுத்து அது உங்களைச் சமாளிக்கவைத்துவிடும். குரும்பியாக இருந்தால் எடுத்துவிட்டு வந்துவிடலாம். நரம்பாக இருந்தால் ஸ்டீராய்டு மருந்து முதல் சில நாட்களில் தொடங்கினால்தான் நல்ல வாய்ப்பு. இரண்டு வாரம் தாண்டிவிட்டால் பலன் வெகுவாகக் குறைந்துவிடும். அன்றைக்கே கிளம்புங்கள்.

எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் இந்தப் பரிசோதனை உண்டு. தனியாரிடம் போனால், ‘இலவச செவிப் பரிசோதனை’ என்று பலகை போட்டு மிஷின் விற்கும் இடத்துக்கு முதலில் போகாதீர்கள். சோதிப்பவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற ஆடியாலஜிஸ்ட்தானா என்று தயங்காமல் கேளுங்கள். உங்கள் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி, “எலும்பு வழியும் சொல் பரிசோதனையும் இரண்டு காதுக்கும் எடுத்துக் கொடுங்கள்” என்று சொல்லுங்கள். கையில் வரும் வரைபடத்தில் சிவப்பு வட்டங்கள் வலது காது, நீலப் பெருக்கல் குறிகள் இடது காது. இவை காற்று வழி. எலும்பு வழி அளவுகள் < > அல்லது [ ] என்ற குறிகளில் இருக்கும். வலது காதுக்கான வட்டமும் எலும்பு வழிக் குறியும் ஒட்டியே இறங்கினால் பிரச்சினை உள்காதிலோ நரம்பிலோ. வட்டம் கீழேயும் குறி மேலேயும் விலகி நின்றால் வழியில் அடைப்பு.

மருத்துவர் பார்த்து, அவசரமாக எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டால், அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து ஐபோனின் Health செயலியில் கேமராவால் படம் பிடித்தோ எண்களைத் தட்டியோ ஏற்றிவிடுங்கள். உங்கள் இயர்பட்ஸ் அதன்பிறகு அந்த அளவுகளை வைத்தே வேலை செய்யும். வலது காதின் சொல் மதிப்பெண் என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள். அந்தக் காதுக்கு மட்டும் தனியாக ஒரு ஹியரிங் எய்டு வேண்டுமா என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.